தள்ளை: அத்தைக்கு ஒரு சொல்லின் வரலாறு

மட்டாஞ்சேரி

அன்புள்ள அத்தைக்கு,

காதுகுத்து முடிந்த அன்றே நீங்கள் ஆலப்புழைக்கு அண்ணி வீட்டுக்குப் போய்விட்டீர்கள். சபையில் நான் உங்களைத் 'தள்ள' என்று சொன்னதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பிறகுதான் எனக்குக் காரணமே தெரிந்தது. போனில் பேசினால் அழுகைதான் வரும். உங்கள் அப்பா கற்றுக்கொடுத்த தமிழ் எழுத்தை இன்றும் நீங்கள் வாசிப்பதால் எழுதுகிறேன்.

அன்று நான் சொன்னது இதுதான்: "அத்தைக்குத் தள்ளாத வயசு, அவங்களுக்கு முதல்ல நாற்காலி போடுங்க." மூட்டு வலியோடு காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தீர்கள். எங்கள் மதுரைப் பக்கம், உடம்பு ஒத்துழைக்காத முதுமையைத் 'தள்ளாத வயசு', 'தள்ளாமை' என்போம். தாங்க வேண்டும், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பரிவில் சொல்வது அது. மலையாளப் பேச்சில் இந்த வழக்கு இல்லை. மேளச் சத்தத்தில் முதல் பாதி மட்டும் காதில் விழுந்தால், மலையாளம் பேசிப் பழகிய காது அதைத் 'தள்ள' என்றுதான் பிடித்துக்கொள்ளும். அந்தச் சொல் இங்கே எவ்வளவு சுடும் என்று இப்போது தெரிகிறது. அதனால் அதன் பின்னால் போய்ப் பார்த்தேன்.

'தள்ள' என்றால் முதற்பொருள் தாய். வசவு என்பது பின்னால் வந்து ஒட்டியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 'தள்ளை' என்ற சொல்லுக்குத் தாய் என்றே பொருள் தருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய மனிதர்கள் தாயைத் தள்ளை என்று சொல்வதுண்டு. பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி தமிழின் தள்ளை, மலையாளத்தின் தள்ள, தெலுங்கின் தல்லி மூன்றையும் ஒரே குடும்பமாக வைக்கிறது. தெலுங்கில் அந்தச் சொல்லின் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. தங்கள் மொழியைத் தாயாக்கித் 'தெலுகு தல்லி' என்றே அவர்கள் வணங்குகிறார்கள்.

மலையாளத்தில் மட்டும் ஏன் இப்படி ஆனது? தாயைக் கூப்பிடவும் மரியாதையாகச் சொல்லவும் 'அம்மா' நிலைத்துவிட்டது. ஒரே பொருளுக்கு இரண்டு சொல் இருந்தால், ஒன்று மேலே ஏறுவதும் மற்றது கீழே இறங்குவதும் உண்டு. இறங்கிய 'தள்ள' கோழிக்கும் பசுவுக்கும் போயிற்று. குஞ்சுகளோடு மேயும் தாய்க்கோழியைத் 'தள்ளக்கோழி' என்று சொன்னால் இன்றும் யாரும் கோபிப்பதில்லை. மனிதருக்குச் சொன்னால் மட்டும் வசவு. தந்தைக்கும் இதே கதிதான். தமிழில் 'தந்தை' உயர்ந்த சொல்; மலையாளத்தில் 'தந்த' என்றால் சண்டைதான் வரும்.

தமிழிலும் இந்த இறக்கம் உண்டு, அத்தை. தொல்காப்பியத்தில் தலைவனைக் 'கிழவன்' என்றும் தலைவியைக் 'கிழத்தி' என்றும் சொல்லியிருக்கிறது. கிழமை என்றால் உரிமை. உரிமை உடையவன் கிழவன். இன்றைக்கு எங்கள் ஊரில் ஒருவரை முகத்துக்கு நேரே 'கிழவி' என்று கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வசவாகிப் போன 'தள்ள' தன் பழைய பெருமையை ஓரிடத்தில் அப்படியே வைத்திருக்கிறது. அதை எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். கைமுறுக்குச் சுற்றப் பழகியபோது என் மாவு இழை அறுந்து அறுந்து விழுந்தது. "தள்ளவிரலும் சூண்டுவிரலும் சேர்த்து முறுக்கு, மற்ற விரல் சும்மா தாங்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக் காட்டினீர்கள். நாங்கள் கட்டைவிரல் என்பதை இந்த ஊர் தள்ளவிரல் என்கிறது, தாய்விரல். மற்ற நான்கும் ஒன்றை இறுகப் பிடிக்க அந்த ஒரு விரலின் துணை வேண்டும்.

கொங்கணி, குஜராத்தி, தமிழ், மலையாளம் எல்லாம் ஒரே தெருவில் புழங்கும் ஊர் நம் மட்டாஞ்சேரி. இங்கே ஒரு சொல் ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் காதுக்குப் போவதற்குள் வேறு மொழிக்குள் புகுந்துவிடுகிறது. சொன்னவர் எந்த ஊர் என்று பார்த்த பிறகுதான் அதன் பொருளை முடிவுசெய்ய வேண்டும். நான் சொன்னது மதுரைத் தமிழ், அத்தை. அதில் உங்கள் மூட்டு வலி மேல் இருந்த அக்கறை தவிர வேறு எதுவும் இல்லை.

இந்தக் கடிதத்தை அண்ணியிடமும் படித்துக் காட்டுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் நானே பேசிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் உங்கள் மகனும் குழந்தையோடு ஆலப்புழைக்கு வருகிறோம். மறுக்காமல் எங்களோடு வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள் மருமகள்