வகுப்பறைப் பதிவுப் பகுப்பாய்வு

வகுப்பறைப் பதிவுப் பகுப்பாய்வு என்பது ஒரு பாடவேளையின் ஒலிப்பதிவையோ காணொளிப் பதிவையோ கேட்டு, மூன்று செய்திகளைக் கணக்கிடும் முறை. ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசினார், எத்தகைய வினாக்களைக் கேட்டார், மாணவர்களில் யார் யார் எப்படிப் பங்கேற்றார்கள் என்பவையே அவை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் இம்முறை படிப்படியாக வளர்ந்தது. முந்தைய அளவுகோல் தவறவிட்டதைப் பிடிக்கவே அடுத்த அளவுகோல் பிறந்தது.

சுருக்கெழுத்தில் தொடக்கம்

ஒலிப்பதிவுக் கருவி பள்ளிக்குள் வருவதற்கு முன்பே இந்த ஆய்வு தொடங்கிவிட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த ரோமியட் ஸ்டீவன்ஸ், உயர்நிலைப் பள்ளி வகுப்புகளில் சுருக்கெழுத்தாளரை அமர்த்திப் பேச்சை முழுதாக எழுதி வாங்கினார். அவரது ஆய்வு 1912இல் வெளியானது. வகுப்பில் நிகழ்ந்த பேச்சில் ஏறத்தாழ 64 விழுக்காடு ஆசிரியருடையதாக இருந்தது. சில ஆசிரியர்கள் நிமிடத்துக்கு இரண்டு, மூன்று வினாக்கள் வீதம் கேட்டுக்கொண்டே இருந்தனர். அவற்றில் பெரும்பகுதி பாடநூலில் உள்ளதைத் திருப்பிச் சொல்லவைக்கும் நினைவு வினாக்கள்.

ஃபிளாண்டர்ஸ் முறை

எண்ணிக்கையை நேர அளவாக மாற்றியவர் நெட் ஃபிளாண்டர்ஸ். 1950களில் மினசோட்டாவில் அவர் உருவாக்கத் தொடங்கிய முறை 1970இல் நூலாக விரிவாக வெளிவந்தது. தமிழ்நாட்டில் பி.எட். படித்தவர்கள் இதை ‘ஃபிளாண்டர்ஸ் இடைவினைப் பகுப்பாய்வு’ என்று அறிவார்கள்.

இதில் வகுப்பறைப் பேச்சு பத்து வகைகளாகப் பிரிக்கப்படுகிறது. முதல் ஏழும் ஆசிரியருடையவை: 1 உணர்வை ஏற்றல், 2 பாராட்டல், 3 மாணவர் கருத்தை ஏற்று விரித்தல், 4 வினாக் கேட்டல், 5 விளக்குதல், 6 கட்டளையிடல், 7 கண்டித்தல். மாணவரின் விடை 8, மாணவர் தாமாகத் தொடங்கும் பேச்சு 9, மௌனம் அல்லது குழப்பம் 10. கேட்பவர் மூன்று விநாடிக்கு ஒருமுறை, அப்போது நடந்ததற்குரிய எண்ணைக் குறிக்கிறார். ஆகவே ஒரு நிமிடத்துக்கு 20 குறிகள் கிடைக்கும்.

இப்படித் தொகுத்தவற்றிலிருந்து ஃபிளாண்டர்ஸ் ‘மூன்றில் இரண்டு விதி’யை வகுத்தார். வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாரோ ஒருவர் பேசுகிறார். அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது. ஆசிரியர் பேச்சிலும் மூன்றில் இரண்டு பங்கு விளக்கம், கட்டளை, கண்டிப்பு ஆகியவற்றால் ஆனது.

ஒரு நிமிடத்தின் கணக்கு

முறையைக் காட்டுவதற்காக, ஏழாம் வகுப்பு அறிவியல் பாடம் ஒன்றில் ஒரு நிமிடத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் இலையின் பச்சையம் பற்றி 24 விநாடி விளக்குகிறார் (5 என்ற குறி எட்டு முறை). “இலைக்குப் பச்சை நிறம் எதனால வருது?” என்று 6 விநாடியில் கேட்கிறார் (4, இருமுறை). 3 விநாடி மௌனம் (10). ஒரு மாணவி “பச்சையம், சார்” என்கிறாள் (8). “ரொம்ப சரி!” (2). மேலும் 9 விநாடி விளக்கம் (5, மும்முறை). பிறகு, “அப்போ தாவரம் உணவை எங்க தயாரிக்குது? இலை...” என்று இழுத்து நிறுத்துகிறார் (4). வகுப்பே “...யில!” என்று முடிக்கிறது (8). உடனே 6 விநாடி அடுத்த விளக்கம் (5, இருமுறை).

மொத்தம் 20 குறிகள். ஆசிரியர் பேச்சு 17, அதாவது 85 விழுக்காடு. மாணவர் பேச்சு 2, மௌனம் 1. அடுத்து, எந்த எண்ணுக்குப் பின் எந்த எண் வந்தது என்பதைப் பத்துக்குப் பத்துக் கட்டங்கள் கொண்ட அணியில் இடுவார்கள். இங்கே 8க்குப் பின் ஒருமுறை 2, மறுமுறை 5 வந்தன. 3 ஒருமுறைகூட வரவில்லை. மாணவர் சொன்னதை எடுத்து மேலே கொண்டுசெல்லும் பேச்சு இந்த நிமிடத்தில் நிகழவில்லை என்பதை அணி காட்டிவிடுகிறது. 85 விழுக்காடு என்ற எண்ணைவிட இது பயனுள்ள செய்தி.

இதே கணக்கு இம்முறையின் குறையையும் வெளிக்காட்டுகிறது. எதனால் என்று கேட்டதும், சொல்லின் வாலை முடிக்கவைத்ததும் ஒரே 4 ஆகின்றன. ஒரு மாணவியின் விடையும் வகுப்பே சேர்ந்து எழுப்பிய குரலும் ஒரே 8 ஆகின்றன. இழுத்து நிறுத்தும் வினாக்கள் மிகுந்த வகுப்பில் மாணவர் பேச்சு தாளில் உயர்ந்து தெரியும். எத்தனை பேருக்குப் பாடம் புரிந்தது என்பது தெரியாது. ஆகவே வினாக்களைத் தனியே எழுதி எடுத்து, நினைவு வினா, ஒரே விடைக்கு இட்டுச்செல்லும் வினா, பல விடைகளுக்கு இடம்தரும் வினா எனப் பிரிக்க வேண்டும். சேர்ந்து சொல்லும் விடைக்குத் தனிக்குறி வேண்டும்.

மௌனத்தை அளந்தவர்

மூன்று விநாடிக் கட்டத்துக்குள் நழுவிய ஒன்றை மேரி பட் ரோ பிடித்தார். தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிநாடாக்களை ஆராய்ந்து அவர் 1974இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வினாக் கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தனர். மாணவர் விடை சொன்ன பின்பும் அவ்வளவே. இரண்டு இடங்களிலும் காத்திருப்பு மூன்று விநாடிக்கு மேல் நீண்டபோது விடைகள் நீளமாயின. பதில் வராமல் போவது குறைந்தது. மாணவர்கள் தாமாக வினா எழுப்புவது கூடியது. இன்று பதிவை ஆராய்பவர்கள் காத்திருப்பு நேரத்தை ஒலியலை வரைபடத்தில் தனியே அளக்கிறார்கள்.

யார் பேசினார், பிறகு என்ன நடந்தது

ரேமண்ட் ஆடம்ஸும் புரூஸ் பிடிலும் 1970இல் வெளியிட்ட காணொளி ஆய்வு, மாணவர் பேச்சு வகுப்பின் முன்வரிசையிலும் நடுப்பகுதியிலும் குவிந்திருப்பதைக் காட்டியது. ஒலிப்பதிவில் மட்டும் இதைக் காண முடியாது. அதனால் பங்கேற்பை ஆராயும்போது இருக்கை வரைபடம் ஒன்றை வரைந்து, பேசியவர் இடத்தில் ஒவ்வொரு முறையும் கோடு இடுவது வழக்கமானது. கோடே விழாத இருக்கைகள்தான் அதில் முதலில் பார்க்க வேண்டியவை.

பேச்சின் அமைப்பை இங்கிலாந்தில் சின்கிளேரும் கூல்ட்ஹார்டும் 1975இலும், அமெரிக்காவில் ஹியூ மெஹன் 1979இலும் விளக்கினர். ஆசிரியர் கேட்க, மாணவர் சொல்ல, ஆசிரியர் மதிப்பிட என மூன்று அடிகளில் வகுப்பறைப் பேச்சு நகர்கிறது. மூன்றாம் அடியில் “சரி” என்று முடித்தால் பேச்சு அங்கேயே அடைபடும். “ஏன் அப்படிச் சொல்றே?” என்று கேட்டால் தொடரும். அதனால் வினா வகையை வினாவின் சொற்களை மட்டும் கொண்டு முடிவுசெய்வது பிழை. விடைக்குப் பின் வரும் பேச்சையும் சேர்த்தே வகைப்படுத்த வேண்டும்.

நம்பகமும் வரம்பும்

ஒரே பதிவை இருவர் தனித்தனியே குறித்து ஒப்பிடுவது அடிப்படை விதி. இருவரும் பெரிதும் வேறுபட்டால் வகைகளின் வரையறையைத் திருத்தி மீண்டும் குறிக்க வேண்டும். குழுவேலை நேரத்தில் ஆசிரியரின் சட்டையில் செருகிய ஒலிவாங்கி அவர் குரலை மட்டுமே தெளிவாக எடுக்கும். அந்தப் பகுதியைக் கணக்கிலிருந்து பிரிக்காவிட்டால் ஆசிரியர் பேச்சு பொய்யாக உயரும்.

ஆசிரியர் பேச்சு குறைந்தால் கற்பித்தல் சிறந்தது என்ற முடிவுக்கும் சான்று போதாது. ஏழு நாடுகளின் எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்களை ஆராய்ந்த டிம்ஸ் 1999 காணொளி ஆய்வில், மாணவரின் ஒரு சொல்லுக்கு ஆசிரியரின் சொற்கள் அமெரிக்காவில் ஏறத்தாழ 8, ஹாங்காங்கில் 16. கணிதத் தேர்வில் முன்னிலையில் இருந்தது ஹாங்காங். எனவே பேச்சு விகிதத்தை மட்டும் கொண்டு ஓர் ஆசிரியருக்கு மதிப்பெண் போடுவது தவறு. வினாவின் தன்மையையும், விடைக்குப் பின் நிகழ்ந்ததையும், பேசாத மாணவர்களையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.