‘இணையம் மெதுவாக இருக்கிறது’ என்பதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை

பேராக்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியுள்ள ஒரு குடியிருப்பில், எஸ்.பி.எம். மாணவர்களுக்கு இணையம்வழி பிரத்தியேக வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். வாரம் மூன்று நாள், இரவு எட்டரைக்கு வகுப்பு. சில வாரங்களாக வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடங்களுக்குள் ‘டீச்சர், நீங்க அப்படியே நின்னுட்டீங்க’ என்று மாணவர்கள் சொல்லத் தொடங்கினர். அடுத்த மாதத்திலிருந்து பிள்ளையை அனுப்பப் போவதில்லை என்று இரண்டு பெற்றோர் சொல்லிவிட்டார்கள். வேறொரு நிறுவனத்தின் கூடுதல் வேகத் திட்டத்திற்கு, இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட அவருடைய கணவர் தயாராகிவிட்டார்.

அதற்கு முன்னர் ஆசிரியை ஈப்போவில் கணினி வலையமைப்பு வேலை பார்க்கும் தம் அண்ணன் மகனை அழைத்தார். “லைன் ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா, என்னன்னு பாரேன்” என்றார். அவர் எடுத்த எடுப்பில் கேட்டது ஒரே கேள்வி: “அத்தை, பிள்ளைங்க முகம் உங்களுக்கு நின்னு போகுதா, இல்ல உங்க முகம் அவங்களுக்கு நின்னு போகுதா?”

ஆசிரியைக்கு மாணவர்கள் நன்றாகவே தெரிந்தார்கள். அவருடைய படம்தான் அந்தப் பக்கம் உறைந்தது. காரணத்தைத் தேட வேண்டிய இடம் இந்தப் பதிலிலேயே பாதியாகச் சுருங்கிவிட்டது.

‘மெதுவாக இருக்கிறது’ என்ற சொல் உதவ வருபவருக்கு எதையும் காட்டிக் கொடுப்பதில்லை. வீட்டுக்குள் வைஃபை வலுவிழந்தாலும், மாதத் தரவு அளவு தீர்ந்தாலும், கோபுரத்தில் நெரிசல் ஏற்பட்டாலும், யாரோ ஒருவர் பாதையை அடைத்தாலும் திரையில் சுற்றும் வட்டம் ஒன்றுதான். ஒரு காரணத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் விவரங்கள் அதிகமில்லை.

முதலில் சொல்ல வேண்டியது, இணைப்பு எந்த வகை என்பது. தாமானில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒளியிழை இணைப்பு. தோட்டப்புறத்தில் பலரது வீட்டில் இருப்பது சிம் அட்டை போட்ட ரூட்டர். இரண்டுக்கும் நோய் வேறு. சிம் ரூட்டருக்குக் கோபுரத்தின் தூரமும் மாலை நேரக் கூட்டமும் முக்கியம். ஆசிரியை வீட்டில் இருந்தது இந்த வகைதான். திட்டத்தில் மாதத் தரவு வரம்பு இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வரம்பு தீர்ந்த பிறகு வேகம் குறைக்கப்பட்டிருந்தால் அதற்கு ஓர் அடையாளம் உண்டு: காலையில் சோதித்தாலும் நள்ளிரவில் சோதித்தாலும், வீட்டின் எந்த மூலையில் சோதித்தாலும், ஏறக்குறைய அதே சிறிய எண் வரும். நெரிசல் அப்படி நடந்துகொள்ளாது. அது நேரத்திற்கு நேரம் மாறும்.

அடுத்து, ஒரு கருவியில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? அப்பாவின் கைப்பேசி நன்றாக ஓடி, மகளின் மடிக்கணினி மட்டும் திணறினால், குறை வெளியே இல்லை. எல்லாமே திணறினால், ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று ஒரு முறையும், வழக்கமாக உட்காரும் அறையில் ஒரு முறையும் சோதிக்க வேண்டும். பக்கத்தில் நன்றாக இருந்து, பின்னறையில் விழுந்தால் அது வைஃபை சிக்கல்; நிறுவனத்தை அழைத்துப் பயனில்லை. இடையில் இரண்டு கல்சுவர் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் தளர்ந்துவிடும். மெதுவானாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைதான் தூரம் போகும்.

இதில் ஆளை ஏமாற்றும் ஓர் எண் உண்டு. 300 எம்பிபிஎஸ் ஒளியிழைத் திட்டம் வைத்திருப்பவர் கம்பி வழியாகச் சோதிக்கும்போது, எப்போதும் 94 அல்லது 95 என்றே வந்தால், வெளி இணைப்பைச் சந்தேகிக்கும் முன் கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும். கம்பியில் ஓர் இழை பழுதானாலோ, ரூட்டர் அல்லது கணினியின் துளை பழையதானாலோ, அந்தப் பாதை 100-க்கு மேல் போகாது.

ஆசிரியை வீட்டில் மூன்று கருவிகளிலும் குறை இருந்தது. ரூட்டர் பக்கத்திலேயே இருந்தது. எனவே அடுத்த கேள்வி நேரம் பற்றியது. காலையில் நன்றாக இருக்கும், இரவு எட்டுக்கு மேல் மோசமாகும் என்றார். இதைக் கேட்டால் யாரும் ‘கோபுரத்தில் கூட்டம்’ என்றுதான் முடிவு கட்டுவார்கள். அவருடைய கணவரும் அப்படித்தான் முடிவு கட்டினார். ஆனால், இரவு எட்டு மணிக்குக் கோபுரத்தில் மட்டுமா கூட்டம் கூடுகிறது? வேலைக்குப் போனவர்கள் திரும்பி, வீட்டுக்குள்ளும்தான் கூடுகிறது. ஆகவே நேரம் மட்டும் போதாது, எண்ணும் வேண்டும்.

எண் எடுப்பது எளிது. கைப்பேசி உலாவியில் fast.com என்று தட்டினால், முதலில் பதிவிறக்க வேகம் மட்டும் பெரிதாகத் தெரியும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன் கீழுள்ள Show more info என்பதை அழுத்தினால்தான் தேவையான மற்ற இரண்டும் வரும்: Latency என்ற தாமதம், Upload என்ற பதிவேற்ற வேகம். தாமதம் என்பது ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எடுக்கும் நேரம்; மில்லிவினாடியில் காட்டப்படும். அதிலும் Unloaded என்பது, சோதனை தன் சுமையை ஏற்றுவதற்கு முன் எடுத்த அளவு. சோதனையே தரவைத் தின்னும் என்பதால், வரம்புள்ள திட்டத்தில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம்.

ஆசிரியை எடுத்து அனுப்பிய எண்கள் இவை. காலை பத்து மணிக்குப் பதிவிறக்கம் 22, பதிவேற்றம் 6 எம்பிபிஎஸ், Unloaded தாமதம் 45 மில்லிவினாடி. இரவு 8.40-க்குப் பதிவிறக்கம் 9, பதிவேற்றம் 0.4, தாமதம் 640.

பதிவிறக்கம் 9 என்பது பெரிய குறையல்ல. காணொளி வகுப்பைப் பார்க்க அது தாராளம். ஆனால் ஆசிரியையின் முகமும் குரலும் வெளியே போக, ஏறக்குறைய ஒரு எம்பிபிஎஸ் பதிவேற்றமாவது வேண்டும். இருந்ததோ அதில் பாதிகூட இல்லை. 640 என்ற தாமதம் இன்னும் தெளிவாகப் பேசியது. சோதனை தன் சுமையை ஏற்றும் முன்பே ஒரு சிறு செய்தி போய்வர அரை வினாடிக்கு மேல் ஆகிறது என்றால், வெளியே போகும் பாதையில் ஏற்கெனவே நீண்ட வரிசை நிற்கிறது. பதிவிறக்கம் குறைந்ததற்கும் அதுவே காரணமாகலாம். வந்து சேர்ந்த தரவுக்கு ‘கிடைத்தது’ என்ற பதில் மேலே போனால்தான் அடுத்தது வேகமாக வரும். அந்தப் பதிலும் அதே வரிசையில் மாட்டிக்கொள்கிறது.

வரிசை வீட்டுக்குள்ளா, கோபுரத்திலா? இதைப் பிரிக்க ஒரே வழி, அதே நேரத்தில் மற்ற எல்லாக் கருவிகளையும் துண்டித்துவிட்டுச் சோதிப்பது. மறுநாள் இரவு 8.40-க்கு, வீட்டிலிருந்த எல்லாக் கைப்பேசிகளிலும் வைஃபையை அணைத்து, வாசலில் மாட்டியிருந்த சிசிடிவி கேமராவின் மின்னிணைப்பையும் பிடுங்கினார்கள். பதிவிறக்கம் 15, பதிவேற்றம் 5.5, தாமதம் 55. காலையைவிடச் சற்றுக் குறைவுதான்; அந்த வித்தியாசம் மாலை நேரக் கோபுர நெரிசலாக இருக்கலாம். மற்றதெல்லாம் வீட்டுக்குள் இருந்தது.

ஒவ்வொரு கருவியாகத் திரும்ப இணைத்துப் பார்த்ததில் இரண்டு பிடிபட்டன. வேலை முடிந்து ஏழரைக்கு வீடு திரும்பும் மூத்த மகனின் கைப்பேசி, வைஃபை கிடைத்ததும் அன்று எடுத்த காணொளிகளையெல்லாம் தானாக இணையச் சேமிப்பகத்திற்கு ஏற்றிக்கொண்டிருந்தது. அவருக்கே அது தெரியாது. கேமராவோ இரவு பகலாகப் படத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. பகலில் கேமரா மட்டும் என்பதால் பாதை தாங்கியது. கைப்பேசியும் சேர்ந்தபோது 6 எம்பிபிஎஸ் பாதை நிரம்பிவிட்டது. கைப்பேசியில் தானியங்கிச் சேமிப்பு நிறுத்தப்பட்டது. இப்போது அவர் நள்ளிரவுக்கு மேல் தாமே அழுத்தி ஏற்றுகிறார். கேமரா, ஆள் நடமாட்டம் தெரியும்போது மட்டும் அனுப்பும்படி மாற்றப்பட்டது. புதிய ஒப்பந்தம் போடப்படவில்லை. பதிவேற்ற வேகம் அதிலும் குறைவாக இருந்திருந்தால், பணம் கட்டியும் மாணவர்களுக்கு டீச்சர் நின்றுபோய்த்தான் தெரிந்திருப்பார்.

கணினி இருப்பவர்கள் இன்னொரு விவரமும் தரலாம். விண்டோஸில் cmd-ஐத் திறந்து ipconfig என்று தட்டினால், Default Gateway என்ற இடத்தில் ரூட்டரின் முகவரி தெரியும். அது 192.168.0.1 என்று வைத்துக்கொண்டால்:

```
ping -n 20 192.168.0.1
ping -n 20 8.8.8.8
```

முதல் வரி ரூட்டர் வரைக்கும், இரண்டாவது வெளி உலகம் வரைக்கும் அளக்கிறது. முதலாவதிலேயே எண்கள் 3, 5, 210, 4 என்று குதித்தாலோ, Request timed out என்று வந்தாலோ வைஃபையைப் பார்க்க வேண்டும். முதலாவது அமைதியாக இருந்து இரண்டாவது மட்டும் குதித்தால், சிக்கல் ரூட்டருக்கு அப்பால், அல்லது ஆசிரியை வீட்டில்போல வெளியே போகும் வாசலில். முடிவுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாலே போதும். நடுவில் விபிஎன் இயங்கினால் அதை முதலில் அணைத்துவிட வேண்டும். இல்லையேல் வேறொரு பாதையைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

இனி உதவி கேட்டுப் புலனத்தில் அனுப்பும் செய்தி இப்படி இருந்தால், பெறுபவர் திரும்பக் கேட்க வேண்டியது அதிகம் இருக்காது:

“சிம் ரூட்டர், வரம்பில்லாத திட்டம். எல்லாக் கருவியிலும், ரூட்டர் பக்கத்திலும் மெதுவாக உள்ளது. இரவு 8 முதல் 11 வரை மட்டும். நான் பார்ப்பது சரி, என் படம் அவர்களுக்கு நிற்கிறது. காலை 10: 22 / 6 / 45. இரவு 8.40: 9 / 0.4 / 640. மற்ற கருவிகளை அணைத்தபின் 8.40: 15 / 5.5 / 55. மூன்று வாரமாக இப்படி. அதற்குச் சற்று முன்தான் கேமரா மாட்டினோம்.”

கடைசி வாக்கியத்தை மறக்க வேண்டாம். எப்போது தொடங்கியது, அதையொட்டி வீட்டில் என்ன மாறியது என்பதைக் கேட்காமலே சொல்பவர்கள் குறைவு. இடி மழைக்கு மறுநாள் தொடங்கியது என்றால் தேடும் இடமே வேறாகிவிடும்.

மற்ற கருவிகளை அணைத்த பிறகும், ரூட்டர் பக்கத்திலேயே, மூன்று நாள் ஒரே நேரத்தில் எண்கள் விழுந்தால், அப்போது குறை நிறுவனத்தின் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். தேதி, நேரத்துடன் அந்தப் படங்களை அனுப்பி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். முதலில் நிறுவனத்திடம் புகார் செய்தாயிற்றா என்பதை அங்கே பார்ப்பார்கள். அப்போது அந்தப் புகார் எண் கையில் இருக்க வேண்டும்.