வெள்ளம் கொண்டுபோன சான்றிதழ்கள்



2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் பீரோவில் இருந்த சான்றிதழ்கள் ஊறிக் கூழாகிப் போயின.

சாதாரண நாளில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் தொலைந்தால், முதலில் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். ‘தேடியும் கிடைக்கவில்லை’ என்று அவர்கள் தரும் சான்றோடு, அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்துக் கட்டணமும் கட்ட வேண்டும். அசல் வேறெங்கோ இருக்க, இன்னொன்று கேட்பவரைத் தடுக்கத்தான் அந்தப் போலீஸ் சான்று.

ஊரே மூழ்கியபோது அதைக் கேட்பதில் பொருளில்லை. அதனால் டிசம்பர் 14 முதல் இரண்டு வாரம் சிறப்பு முகாம்கள் நடத்தி, கட்டணமின்றி மாற்றுச் சான்றிதழ் தர அரசு ஏற்பாடு செய்தது.

இது எப்படி முடிந்தது? நம் கையில் இருப்பது தாள்தான். மதிப்பெண் இருப்பது பதிவேட்டில். அதைத் தேடி எடுக்கத் தேர்வு எண்ணும், எழுதிய மாதமும் வருடமும் வேண்டும். 1988 மார்ச்சில் எழுதியவருக்கு எண் மறந்திருந்தால், அவர் படித்த பள்ளியின் பதிவேட்டில் பார்த்துச் சொல்லலாம். மாற்றுச் சான்றிதழான டி.சி.யைப் பள்ளியிலும், பட்டத்தைப் பல்கலைக்கழகத்திலும்தான் கேட்க வேண்டும்.

உங்கள் தேர்வு எண்களை ஒரு தாளில் எழுதி, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.