தொடர் காற்புள்ளி

தொடர் காற்புள்ளி என்பது ஆங்கில வாக்கியத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றை அடுக்கும்போது, கடைசி உறுப்புக்கு முன்வரும் இணைப்புச்சொல்லின் முன்னே இடப்படும் காற்புள்ளி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் இதை இடும் மரபுடையது. அசோசியேட்டட் பிரஸ் எளிய பட்டியல்களில் இதைத் தவிர்க்கிறது. இரண்டும் ஏற்புடையவையே. ஆனால் ஒரே அலுவலக மின்னஞ்சலில் இரண்டும் கலந்தால், ஓரிடத்தில் புள்ளி விடுபட்டது வழக்கத்தாலா, கடைசி இரண்டும் ஒரே உறுப்பு என்பதாலா என்று படிப்பவரால் பிரித்தறிய முடியாது. ‘கணக்கு, கொள்முதல், விற்பனை மற்றும் விளம்பரம்’ ஆகிய பிரிவுகள் தனித்தனியே அறிக்கை தர வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதினால், வர வேண்டியவை மூன்றா நான்கா என்பது அந்த ஒரு புள்ளியைப் பொறுத்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கூடுதல் நேர ஊதியச் சட்டத்தில் இப்படி விடுபட்ட புள்ளியால், ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் மீது அதன் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில் 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

எப்போதும் இட்டுவிட்டால் குழப்பமே வராது என்பது மிகை. ‘மேலாளர், குமார், மற்றும் செல்வி’ என்று ஆங்கிலத்தில் புள்ளியோடு எழுதினால், குமார்தான் மேலாளர் என்றும் பொருள்படலாம். ‘குமார், செல்வி, மற்றும் மேலாளர்’ என்று வரிசையை மாற்றுவதே தீர்வு. சாதாரண மடலுக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம் என்பாரும் உண்டு. எளிய பட்டியலில் அது சரி. ஆனால் உறுப்புக்குள்ளேயே காற்புள்ளி வந்தால், அதாவது பெயர், பதவி, ஊர் என மூவரைப் பற்றி எழுதினால், ஆளுக்கு ஆள் அரைப்புள்ளி இட்டே பிரிக்க வேண்டும்.