எந்திரம் யாருடையது? திருப்பூர் முன்னாய்வுகளைத் தொகுத்து வாசிக்கும் முறை

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் பற்றிய ஆய்வேடுகளில் முன்னாய்வு மதிப்பீடு என்ற இயல் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கிறது. ஓர் ஆசிரியர், ஓர் ஆண்டு, 'கூறுகிறார்' என்று முடியும் ஒரு பத்தி. அடுத்து இன்னோர் ஆசிரியர். பத்திகளின் வரிசையை மாற்றி அடுக்கினாலும் இயல் கெடாது. அதுவே அங்கே வாதம் எதுவும் இல்லை என்பதற்கு அடையாளம்.

2004இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளை இந்த இயல்கள் கையாளும் விதத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் எழுதிய பொருளியல் கட்டுரை. மற்றது ஷரத் சாரியின் 'ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்' என்ற நூல். இரண்டும் கவுண்டர் முதலாளிகளைப் பற்றிப் பேசுகின்றன. அதனாலேயே 'சமூக வலைப்பின்னல்' என்ற தலைப்பின் கீழ் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்றை ஒன்று உறுதிசெய்வதாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. இந்த வாசிப்பு தவறு என்பது என் கருத்து.

பானர்ஜியும் முன்ஷியும் கண்டது இது: கவுண்டர் நிறுவனங்கள் அதிக நிலைமூலதனத்தோடு தொடங்குகின்றன. வெளியூரிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கினாலும் வேகமாக வளர்ந்து உற்பத்தியில் முந்துகிறார்கள். திறமை வேறுபாடு மட்டுமே இதற்குக் காரணமாக இருக்க முடியாது. உள்ளூர்ச் சமூகத்துக்குள் பணம் எளிதில் கிடைப்பதே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. சாரியின் கவுண்டர்களோ நிட்டிங் எந்திரத்துக்கும் தையல் மேசைக்கும் இடையே வளர்ந்தவர்கள். தொழிலாளியாக வந்து, ஜாப் ஒர்க் எடுத்து, பழைய முதலாளியின் ஆதரவோடு கூட்டாளியாகி, பிறகு சொந்தக் கம்பெனி வைத்தவர்கள். அவர்கள் கையிலிருந்த முதல் உழைப்பு. ஓர் ஆய்வு பணம் மிகுந்த கவுண்டரைக் காண்கிறது, மற்றது உழைப்பை முதலாக்கிய கவுண்டரைக் காண்கிறது. இதை ஒத்த கருத்து என்று எப்படி எழுத முடியும்?

சுருக்கம் எழுதுபவர் கேட்கத் தவறும் கேள்வி, இங்கே மூலதனம் என்று எண்ணப்பட்டது எது என்பதுதான். பானர்ஜி–முன்ஷி கணக்கில் அது பெரும்பாலும் நிறுவனம் சொந்தமாக வைத்திருக்கும் எந்திரமும் கட்டடமும். திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஆர்டர் ஒரே கூரையின் கீழ் முடிவதில்லை. நூலை ஏற்றுமதியாளர் வாங்குகிறார். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், சில வேளைகளில் தையலும்கூட, வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போகின்றன. கட்டிங்கும் செக்கிங்கும் பேக்கிங்கும் மட்டும் வைத்திருப்பவர் பெரிய ஆர்டரை அனுப்பிவிட முடியும், அவர் பெயரில் எந்திரம் சொற்பமாகவே இருக்கும். அப்படியானால் வெளியூர்க்காரரின் குறைந்த மூலதனத்தில் ஒரு பங்கு, இன்னொருவர் கொட்டகையில் ஓடும் எந்திரமாக இருக்கலாம் அல்லவா?

அந்த இன்னொருவர் யார் என்பதற்குச் சாரியின் நூலில் விடை கிடைக்கிறது. பவர் டேபிள் நான்கைந்து போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் முன்னாள் தொழிலாளி அங்கே அத்தியாயம் அத்தியாயமாக வருகிறார். திருப்பூரை ஆய்ந்த பமீலா காதோர்ன் அதற்கு முன்பே, கம்பெனிகள் வளரும்போது பெரிதாவதைவிடப் பல சிறு யூனிட்டுகளாகப் பிரிவதைக் கவனித்து எழுதியிருந்தார். மூன்றையும் சேர்த்துப் படித்தால் எந்தத் தனி ஆய்விலும் இல்லாத ஒரு கூற்று உருவாகிறது: வெளியூர் ஏற்றுமதியாளர் குறைந்த முதலில் வேகமாக வளர முடிந்ததற்கு, உழைப்பாலும் உறவுக் கடனாலும் வாங்கிய உள்ளூர் எந்திரங்கள் துணைநின்றன. இரு ஆய்வுகளும் ஒரே சரக்கின் இரு முனைகளைப் பார்த்திருக்கின்றன.

இதை மிகைப்படுத்தக் கூடாது. வேறுபாடு முழுவதையும் ஜாப் ஒர்க்கைக் கொண்டு விளக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கடன் வாய்ப்பு பற்றிய பானர்ஜி–முன்ஷி விளக்கத்துக்கு இடம் இருக்கத்தான் செய்கிறது. ஒரு பொதுக் குறையும் உண்டு. கணக்கெடுப்பும் நேர்காணலும் நிலைத்து நிற்கும் கம்பெனிகளையே எளிதில் எட்டுகின்றன. முதலைத் தொலைத்துவிட்டு மறுபடி டேபிளுக்குத் திரும்பியவர் இரண்டிலும் அரிதாகவே தெரிவார். இரண்டு சான்றும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், அவை ஒத்துப்போவது கூற்றுக்கு வலுச் சேர்க்காது. புள்ளியியலையும் களப்பணியையும் ஒப்பிடக் கூடாது என்ற ஆட்சேபத்தை நான் பொருட்படுத்தவில்லை. ஒப்பிடக் கூடாதென்றால் இரண்டையும் ஒரே இயலில் வைத்திருக்கவே வேண்டாம்.

இப்படிப் படிக்க விரும்பும் மாணவர் ஆசிரியர் பெயர்களை விட்டுவிட்டுக் கேள்விகளைத் தலைப்பாக்கி அட்டவணை போட வேண்டும்: எண்ணப்பட்டது யாரை, ஏற்றுமதியா உள்ளூர்ச் சந்தையா, கம்பெனியின் எந்தக் கட்டம், முதல் என்றால் எது. காலியாக நிற்கும் கட்டங்களில்தான் வேலை இருக்கிறது. மேற்சொன்ன கூற்றைப் பொறுத்தவரை காலிக் கட்டம் ஜாப் ஒர்க் பில். ஒரே அளவு ஏற்றுமதி செய்யும் வெளியூர் நிறுவனமும் கவுண்டர் நிறுவனமும் வெளிவேலைக்குக் கொடுத்த கூலியை ஒப்பிட்டால், முதலாவதன் விகிதம் தெளிவாகக் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் என் கூற்றைக் கைவிட்டு, கடன் விளக்கத்தையே ஏற்க வேண்டியிருக்கும்.