எச்.எம்: அவருக்குத் தெரியாமல் அவருடைய கை கற்றுக்கொண்டது

வாய்ப்பாட்டை நாங்கள் பாடமாக்கினோம். சைக்கிளை நாங்கள் பழகினோம். யாருமே சைக்கிளைப் பாடமாக்கினேன் என்று சொல்வதில்லை. எங்கட பேச்சு இந்த இரண்டையும் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. ஆனால் மூளைக்குள்ளேயும் இவை இரண்டு வேறு வேலைகள்தான் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். அதற்கு வழிகாட்டியவர் ஆராய்ச்சியாளர் இல்லை, ஒரு நோயாளி. அவர் இறக்கும்வரை உலகம் அவரை எச்.எம். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டுமே அறிந்திருந்தது.

முழுப்பெயர் ஹென்றி மொலைசன். 1926இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே வலிப்பு தொடங்கியது. பதின்ம வயதில் அது கடுமையாகி, பிறகு ஒழுங்காக வேலைக்குப் போகவும் ஏலாத நிலை. மருந்துகளைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் பலன் இல்லை. 1953 ஓகஸ்டில், அவருக்கு 27 வயதாக இருக்கும்போது, ஹாட்போர்ட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அவருடைய கண்களுக்கு மேலே மண்டையோட்டில் இரண்டு துளைகள் இட்டு, மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உட்புறப் பொட்டுப் பகுதியை உறிஞ்சி எடுத்தார். கடற்குதிரை போல வளைந்திருப்பதால் ஹிப்போகம்பஸ் என்று பெயர் பெற்ற பகுதியின் பெரும் பங்கும், அதைச் சுற்றியிருந்த திசுக்களும் அதோடு போயின. இது ஒரு பரிசோதனை முயற்சி என்பதை ஸ்கோவில் பிறகு எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்.

வலிப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் ஹென்றிக்கு வைத்தியசாலையில் தன்னைப் பராமரித்தவர்களைத் தெரியவில்லை. கழிப்பறைக்கு வழி தெரியவில்லை. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டதே நினைவில்லை.

அந்தக் காலத்தில் ஞாபகத்தைப் பற்றி எல்லாரும் என்ன நினைத்தார்கள் என்று தெரிந்தால்தான் இது ஏன் அவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பது விளங்கும். கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் எலிகளுக்குச் சிக்கலான பாதைகளைப் பழக்கி, பிறகு மூளையின் மேற்பட்டையில் வெவ்வேறு இடங்களை வெட்டிப் பார்த்தார். எந்த இடத்தை வெட்டினார் என்பதை விட எவ்வளவு வெட்டினார் என்பதே எலி எவ்வளவு மறந்தது என்பதைத் தீர்மானித்தது. ஆகவே ஞாபகத்துக்கென்று தனியிடம் கிடையாது, அது மூளை முழுக்கப் பரவியிருக்கிறது என்ற எண்ணம் வலுவாக இருந்தது.

மொன்றியலில் வேலைசெய்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் 1955 ஏப்ரலில் ஹென்றியைப் பரிசோதிக்க ஹாட்போர்ட்டுக்கு வந்தார். இன்றைக்கு என்ன திகதி என்று கேட்டதற்கு ஹென்றி சொன்னது 1953 மார்ச். வயது கேட்டால் 27. ஆனால் நுண்ணறிவுச் சோதனையில் அவர் எடுத்த புள்ளி 112, அதாவது சராசரியை விடக் கூட. நன்றாகக் கதைத்தார், பகிடிகூட விட்டார். ஆக, புத்தி அப்படியே இருக்க ஞாபகம் மட்டும் போயிருக்கிறது. மூளையின் ஒரு குறிப்பிட்ட இடத்தை எடுத்ததால் இது நடந்திருக்கிறது. 1957இல் ஸ்கோவிலும் மில்னரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது.

அடுத்த கேள்வி, போனது எந்த ஞாபகம்? ஒரு தடவை 584 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொன்னார்கள். கால் மணி நேரம் அவர் அதை விடாமல் பிடித்து வைத்திருந்தார். எப்படி என்று கேட்க, விளக்கினார்: மூன்று இலக்கங்களையும் கூட்டினால் 17. அதில் 8ஐ நினைவில் வைத்துக் கழித்தால் மிச்சம் 9. அதை இரண்டாகப் பிரித்தால் 5, 4. ஆக 584. கவனம் அதிலேயே இருக்கும்வரை எண்ணும் இருந்தது. கவனம் வேறொன்றுக்குத் திரும்பி ஒரு நிமிடம் போனதும் எண்ணும் இல்லை, எண் ஒன்று தரப்பட்ட நினைவும் இல்லை. இந்த நொடியில் கையில் வைத்திருப்பதும், பிறகு எடுக்கச் சேமித்து வைப்பதும் வேறு வேறு வேலைகள் என்பது இதில் தெரிந்தது. முதலாவது அவரிடம் இருந்தது, இரண்டாவது இல்லை.

எல்லாரையும் திகைக்க வைத்த சோதனை ஒன்றும் இருக்கிறது. ஒரு தாளில் நட்சத்திரம். அதற்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கோடுகள். அந்த இடைவெளிக்குள்ளேயே பென்சிலால் சுற்றி வரவேண்டும். ஆனால் கையையும் தாளையும் நேரே பார்க்க ஏலாதபடி ஒரு மறைப்பு, கண்ணாடியில் தெரிவதை மட்டுமே பார்க்கலாம். வீட்டில் ஒருக்கா செய்து பாருங்கோ. முனை வரும் இடமெல்லாம் பென்சில் எதிர்ப்பக்கம் இழுக்கும், கோட்டைத் தாண்டும். திரும்பத் திரும்பச் செய்தால்தான் கை பிடிபடும்.

மில்னர் இதை ஹென்றியிடம் மூன்று நாட்களில், நாளுக்கு பத்துத் தடவைப்படி செய்வித்தார். முதல்நாள் தொடக்கத்தில் எங்களைப் போலவே நிறையப் பிழைகள். பத்தாவது தடவைக்குள் நன்றாகக் குறைந்தன. இரண்டாம் நாள் அவருக்கு இப்படியொரு சோதனை செய்ததே ஞாபகம் இல்லை, திரும்பவும் முதலிலிருந்து விளக்கவேண்டி இருந்தது. ஆனால் பென்சிலைப் பிடித்ததும் முதல்நாள் தொடங்கிய இடத்திலிருந்து அவர் தொடங்கவில்லை. முதல்நாள் பழகியதில் பெரும்பங்கு கையில் இருந்தது. மூன்றாம் நாள் பிழைகள் கிட்டத்தட்ட இல்லை. கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தது இவ்வளவு லேசாக வருகிறதே என்று அவரே ஆச்சரியப்பட்டார். முப்பது தடவை செய்த மனிதர் முதல்தடவை செய்வதாக நினைத்துக்கொண்டு செய்த வேலை அது.

இது கை, தசை சம்பந்தப்பட்ட விதிவிலக்கு மட்டும்தானோ என்று சந்தேகம் வரலாம். 1980இல் நீல் கோஹனும் லாரி ஸ்குவயரும் வேறு மறதி நோயாளர்களுக்குக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி அச்சிட்ட சொற்களை வாசிக்கக் கொடுத்தார்கள். மற்றவர்களைப் போலவே அவர்களும் நாளுக்கு நாள் வேகமாக வாசித்தார்கள். ஆனால் எந்தச் சொற்களை வாசித்தோம் என்பது அவர்களுக்கு ஒழுங்காக நினைவில்லை. ஆக, சொல்லிக்காட்டக்கூடிய ஞாபகம் ஒன்று, செய்துகாட்டக்கூடிய ஞாபகம் இன்னொன்று. ஹிப்போகம்பஸும் அதன் சுற்றுப்புறமும் முதலாவதுக்குத் தேவை. இரண்டாவது மூளையின் வேறு பகுதிகளில் தங்கியிருக்கிறது.

அதற்காக, ஹிப்போகம்பஸ்தான் ஞாபகத்தின் வீடு என்று முடித்துவிட ஏலாது. ஸ்கோவில் ஒவ்வொரு பக்கத்திலும் 8 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு எடுத்ததாக நினைத்தார். 1997இல் வெளியான எம்.ஆர்.ஐ. ஆய்வு அது சுமார் 5 சென்ரிமீற்றர்தான் என்று காட்டியது. ஹிப்போகம்பஸின் பின்பகுதி சுருங்கிய நிலையில் மிஞ்சியிருந்தது. மாறாக, அதற்குத் தகவல் கொண்டுவரும் அயல்பகுதி கிட்டத்தட்ட முழுதாக இல்லை. இன்னொன்று: சத்திரசிகிச்சைக்குச் சில வருடங்களுக்குப் பிறகு குடிபோன வீட்டின் அறைகளை ஹென்றியால் சரியாக வரைந்துகாட்ட முடிந்தது. வருடக்கணக்காக அதே வீட்டுக்குள் நடந்ததில், மெதுவாக ஏதோ ஒன்று பதிந்திருக்கிறது.

இந்த அறிவுக்கு ஒரு விலை இருந்தது. 1962இல் அவரைச் சந்தித்த சூசன் கோர்கின் பிறகு எம்.ஐ.டி.யில் பல தசாப்தங்கள் அவரை ஆராய்ந்தார். ஹென்றிக்கு அவர் யாரென்று கடைசிவரை தெரியாது, பள்ளிக்கூடத்தில் பார்த்த முகம்போல இருக்கிறது என்று மட்டும் சொல்வார். ஒவ்வொரு சோதனைக்கும் நல்ல மனதோடு ஒத்துழைத்தார். ஆனால் நேற்றுச் சம்மதித்தது இன்றைக்கு நினைவில்லாத ஒருவரின் சம்மதத்துக்கு என்ன பெறுமதி? அவர் சார்பில் யார் "போதும்" என்று சொல்லியிருக்க வேண்டும்? இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஸ்கோவிலே பிற்காலத்தில், இரண்டு பக்கமும் இப்படி வெட்டாதீர்கள் என்று மற்ற நிபுணர்களை எச்சரித்தார்.

2008 டிசம்பர் 2ஆம் திகதி, 82 வயதில் ஹென்றி இறந்தார். அதன் பிறகுதான் அவருடைய பெயர் வெளியானது. அடுத்த வருடம் சான் டியாகோவில் அவருடைய மூளையை 2,401 மெல்லிய சீவல்களாக வெட்டிப் பாதுகாத்தார்கள். உளவியல் பாடநூல்களில் இப்போதும் அவர் எச்.எம். தான். அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது நாங்கள் ஹென்றி மொலைசன் என்றும் ஒருக்கா சொல்லிவிட்டு வாசிக்கலாம்.