டாக்டர் அண்ணன், மிஸ்டர் தம்பி

இங்கிலாந்தில் மகன் வீட்டில் இருக்கும் என் அக்காவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்து ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. அறுவை செய்பவரின் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' என்று இருந்தது. உடனே எனக்குப் போன். "டாக்டர் இல்லாத ஆளு என் காலை அறுக்கப் போறாராம்டா, நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். அவருக்குச் சொன்ன விவரத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அந்தக் கால இங்கிலாந்தில் மருந்து எழுதித் தருபவர் வேறு, கத்தி பிடிப்பவர் வேறு. மருந்து தருபவர் பல்கலைக்கழகத்தில் படித்து எம்.டி. பட்டம் வாங்கியவர்; அதனால் டாக்டர். அறுவை செய்பவரோ ஒரு மூத்தவரிடம் பல ஆண்டுகள் உடனிருந்து கைத்தொழிலாகக் கற்றுக்கொண்டவர். 1540-ல், எட்டாம் ஹென்றி காலத்தில், லண்டனில் இவர்களையும் முடிதிருத்துபவர்களையும் ஒரே சங்கமாகவே சேர்த்து வைத்தார்கள். 1745-ல்தான் இரு தரப்பும் பிரிந்தன. சங்கம் தேர்வு வைத்துத் தொழில் செய்ய அனுமதி தரும், பட்டம் தராது. பட்டம் இல்லாததால் மிஸ்டர்.

இந்த வித்தியாசம் ஒரே குடும்பத்துக்குள்ளும் இருந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் ஹண்டர் 1750-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் எம்.டி. பெற்றார்; அவர் டாக்டர் ஹண்டர். பத்து வயது இளைய தம்பி ஜான், 1748-ல் லண்டனுக்கு வந்து, அண்ணனின் உடற்கூறு வகுப்பில் உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்றார். பட்டம் எதுவும் வாங்கவில்லை. பின்னாளில் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கே அறுவை மருத்துவர் ஆனார். அப்போதும் அவர் மிஸ்டர் ஹண்டர்தான்.

19-ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. அறுவை செய்ய விரும்புபவரும் முதலில் முழு மருத்துவப் படிப்பை முடித்தாக வேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் அதற்குள் 'மிஸ்டர்' என்பதே அவர்களுக்குப் பெருமையாகிவிட்டிருந்தது, விட மனமில்லை. ஆகவே இன்றும் அங்கே படிப்பை முடித்தவுடன் டாக்டர். அதன்பின் ராயல் கல்லூரியின் அறுவை மருத்துவத் தேர்வில் தேறினால் மறுபடி மிஸ்டர். பெண்ணாக இருந்தால் பெரும்பாலும் மிஸ்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் ஊரிலும் பிரிட்டனிலும் எம்.பி.பி.எஸ். என்பது இளநிலைப் பட்டம்தான். 'டாக்டர்' என்பது மரியாதைக்காகச் சேர்ப்பது. ஜெர்மனியிலோ ஆய்வேடு எழுதித் தேறினால்தான் பெயருக்கு முன் அதைப் போடலாம். எழுதாதவரும் வைத்தியம் பார்க்கலாம், ஆனால் பெயரில் டாக்டர் இருக்காது. அமெரிக்காவில் மருத்துவப் படிப்பின் முடிவில் கிடைப்பதே எம்.டி. என்பதால் அறுவை செய்பவரும் டாக்டர்தான்.

ஆகவே பிரிட்டனிலிருந்து வரும் கடிதத்தில் பெயருக்கு முன்னால் இருப்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். பெயருக்குப் பின்னால் பாருங்கள். அங்கே எஃப்.ஆர்.சி.எஸ். என்று இருந்தால், அந்த மிஸ்டர் டாக்டராகி, அதையும் தாண்டி வந்தவர்.